ஃப்ளூ ஊசி நோட்டீஸ்: கூலியை முதல் நாலு வரிக்குள் எழுதுங்க

கேள்வி: "திருப்பூர்ல பனியன் கம்பெனி, 180 பேர். எச்.ஆர். நான் ஒருத்திதான். ஃப்ளூ தடுப்பூசி முகாம் போடறோம், ஊழியர்களுக்கு நோட்டீஸ் எழுதச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி கொடுத்த தாளையே ஒட்டிடலாமா? ஜனங்க என்னென்ன கேப்பாங்க?"

அதை மட்டும் ஒட்டாதீங்க. ஆஸ்பத்திரித் தாள் 'இன்ஃப்ளூயன்சா என்பது ஒரு சுவாச நோய்' என்று ஆரம்பிக்கும். பொய்யில்லை. ஆனால் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிறவர் நின்று படிக்கப்போவது முதல் நாலு வரிதான். கை வலித்தால் நாளைக்கு என் பீஸை யார் தைப்பார்கள் என்பதுதான் அவருடைய கவலை. அவிநாசி ரோடு பக்கம் சில யூனிட்களில் வெல்ஃபேர் ஆபீசராக இந்த முகாம்களை நடத்தியிருக்கிறேன். வைரஸைப் பற்றிக் கேட்டவர்களைவிடக் கூலியைப் பற்றிக் கேட்டவர்கள்தான் எப்போதும் அதிகம்.

எழுத உட்காருவதற்கு முன்னால் தேதியை முடிவு பண்ணுங்க. சரியான தேதி பாதிக் கேள்வியை அடக்கிவிடும். ஊசி தோள்பட்டைத் தசையில் போடுவது, அரை மில்லி மருந்து. கை வலி அன்று ராத்திரியும் மறுநாளும் இருக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதனால் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் வைத்தால் வலி ஞாயிற்றுக்கிழமையில் விழும். சாயந்திரம் சம்பளம் போடுகிற நாள் என்பதால் ஆட்களும் லீவு போடமாட்டார்கள்.

ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமையில் மட்டும் வேண்டாம். பெருமாளுக்கு விரதமிருந்து வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஊசியைப் பார்த்தே மயங்குவார்கள். அது மருந்து செய்த மயக்கம் இல்லை, பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. டாக்டருக்கு அது தெரியும், செக்கிங் டேபிளுக்குத் தெரியாது. 'ஊசி போட்டு ஒரு புள்ள விழுந்துருச்சாம்' என்ற பேச்சு டீ டைமுக்குள் பேக்கிங் வரைக்கும் போய்விடும், அதற்கப்புறம் பாதி பேர் வரமாட்டார்கள். ஆவணிக் கடைசிச் சனிக்கிழமையில் முடித்துவிடுங்க. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இரண்டு வாரம் கிடைத்துவிடும், தீபாவளி ஷிப்மெண்ட் நெருக்கடியிலும் மாட்டாது.

இப்போது நோட்டீஸ். தேதி, நேரம், இடம், செலவு முழுக்கக் கம்பெனியுடையது, இவ்வளவையும் இரண்டு வரியில் முடியுங்க. அடுத்த பத்தி கூலிக்குத்தான். நான் எழுதுவது இப்படி:

'வரிசையில் நிற்கும் நேரமும், ஊசிக்குப் பிறகு உட்கார வேண்டிய அரை மணி நேரமும் வேலை நேரமாகக் கணக்கில் வரும். பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு அந்த வாரச் சராசரிப்படி ஒரு மணி நேரக் கூலி சேர்க்கப்படும். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்து திங்கள், செவ்வாய் வேலைக்கு வர முடியாவிட்டால் அந்த இரண்டு நாளும் சம்பளத்தோடு லீவு. போன் பண்ணிச் சொன்னால் போதும், டாக்டர் சீட்டு வேண்டாம்.'

கடைசி இரண்டு வாக்கியத்துக்கு முதலாளி முகம் சுளிப்பார். 'அதுக்குத்தான ஈ.எஸ்.ஐ. இருக்குதுங்க' என்பார். ஈ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் தருவார்கள், உண்மைதான். ஆனால் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் வராது. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த விதி தளரும். ஊசிக்குப் பிறகு வருகிற காய்ச்சல் ஒருநாள் இரண்டுநாள் சமாச்சாரம், சரியாக அந்த இடைவெளியில்தான் விழும். இதை அவரிடம் பென்சிலால் போட்டுக் காட்டுங்க. 180 பேரில் 120 பேர் போட்டுக்கொண்டு, அதில் 6 பேர் ஒரு நாள் வராமல் போனால் செலவு 6 நாள் கூலி. அதுக்குப் பயந்து அந்த வரியை எடுத்துவிட்டால் வரிசையே இருக்காது. கான்ட்ராக்டில் தைக்கிறவர்கள் இருந்தால் கான்ட்ராக்டரிடம் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்க. நோட்டீஸில் கம்பெனி சொன்னதை அவர் சனிக்கிழமை சம்பளத்தில் பிடித்த கதை எனக்குத் தெரியும்.

கூலிக்கு அடுத்தது கை. 'எந்தக் கையில் போட வேண்டும் என்று நீங்களே சொல்லலாம்' என்று ஒரு வரி போடுங்க. அயர்ன் பண்ணுகிறவர் இடது கையைக் காட்டுவார், கட்டிங் மாஸ்டரும் அப்படித்தான். ஓவர்லாக் டெய்லருக்கு இரண்டு கையும் வேண்டும், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுதான் மருந்து. போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், கையை வழக்கம்போல அசைக்கலாம் என்பதையும் சேருங்க.

அடுத்து, 'ஊசி போட்டாலே காய்ச்சல் வருதுங்களே, ஃப்ளூவை அதுதானே குடுக்குது?' கேட்காத யூனிட்டே இல்லை. ஊசியில் இருப்பது கொல்லப்பட்டு உடைக்கப்பட்ட வைரஸின் துண்டுகள், அது பெருகாது, நோயைத் தராது. வருகிற லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் உடம்பு அதை அடையாளம் பிடிக்கிற வேலை. அந்த முதல் இரண்டு வாரத்துக்குள் உண்மையான ஃப்ளூவே வந்தால், பாதுகாப்பு உருவாவதற்குள் வெளியில் தொற்றியது என்று அர்த்தம். இதை எழுதுகிற அதே மூச்சில் ஊசியின் எல்லையையும் எழுதிவிடுங்க. வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்துகிற வருஷத்தில்கூட ஃப்ளூவுக்காக டாக்டரிடம் போக வேண்டிய வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கும். டெங்குவுக்கு இது ஆகாது. சாதாரணச் சளிக்கும் ஆகாது, பஞ்சுத் தூசியில் வருகிற தும்மலுக்கும் ஆகாது. 'காய்ச்சலே வராது' என்று அச்சடித்து ஒட்டினால் ஐப்பசியில் முதல் ஆள் மூக்கைச் சிந்தும்போதே உங்கள் அடுத்த வருஷ முகாம் முடிந்தது. அடுத்த வருஷமும் ஏன் என்றால், வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த வகைகளைச் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்கிறது, ஊசியும் அதன்படி மாறுகிறது. 2009-ல் நம்மைப் பயமுறுத்திய பன்றிக் காய்ச்சல் வைரஸின் வழிவந்ததும் இதில் அடக்கம்.

முட்டை விஷயத்தை மறைக்காதீங்க. ஃப்ளூ ஊசிகளில் பெரும்பாலானவை கருவுள்ள கோழிமுட்டையில் வைரஸை வளர்த்துச் செய்தவை, சுத்தம் செய்த பிறகும் முட்டைப் புரதம் துளியூண்டு தங்கலாம். போன்வழியாக இது எப்படியும் யூனிட்டுக்குள் வந்துவிடும், கம்பெனி வாயால் முதலில் வருவது நல்லது. சுத்த சைவக்காரர் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு, சூப்பர்வைசர் தர்க்கம் பண்ணக் கூடாது. ஆவணியிலேயே வைப்பதால் புரட்டாசிக்கு மட்டும் கவிச்சி விடுகிறவர்களுக்குச் சங்கடமில்லை. முட்டை சாப்பிட்டால் அரிப்பு வருகிறவர்கள் போடலாமா என்பது வேறு கேள்வி. போடலாம் என்றுதான் இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, டாக்டரிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். முன்பு ஃப்ளூ ஊசிக்கே மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்தவர்கள் போடக் கூடாது. அன்றைக்கு நல்ல காய்ச்சல் இருப்பவர்கள் குணமான பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பெண்கள் பக்கம் கொஞ்சம் கவனம் வேண்டும். கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் இந்த ஊசியைப் போடலாம், உலக சுகாதார நிறுவனம் அவர்களை முன்வரிசையில் வைக்கிறது, ஃப்ளூ அவர்களைத்தான் கடுமையாகப் படுத்தும். மூக்கில் விடுகிற உயிருள்ள மருந்து வேறு, அது அவர்களுக்குக் கூடாது. உங்கள் முகாமில் ஊசிதானா என்று ஆஸ்பத்திரியிடம் கேட்டு அதையும் எழுதிவிடுங்க. தப்பு நடப்பது மருந்தில் அல்ல, கேட்கிற விதத்தில். வரிசையில் நிற்கிற பெண்ணைப் பார்த்து நர்ஸ் சத்தமாக 'மாசமா இருக்கியாம்மா?' என்பார். வீட்டுக்கே இன்னும் சொல்லாத பெண் அவளாக இருக்கலாம். கேள்விகளை எல்லாம் ஒப்புதல் படிவத்தில் போட்டு, மறைப்புக்குள் டாக்டர் பார்க்கிற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. அந்த ஏற்பாடு இருக்கிறது என்று நோட்டீஸிலும் சொல்லுங்க. மாதவிலக்கு நாளில் போடலாம், தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடலாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம், சர்க்கரை இருப்பவர்களுக்கு ஊசி கூடுதல் அவசியம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்னாலேயே சொன்னால் மெல்லிய ஊசியில் போட்டுச் சில நிமிஷம் அழுத்திப் பிடிப்பார்கள். கொரோனா ஊசியைப் பற்றிச் சுற்றுகிற பேச்சுக்கு ஒரே வரி போதும்: இது அந்த ஊசி இல்லை, 1940-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமைச் சம்பளம் என்பதால் 'சாயந்திரம் ஒரு கட்டிங் போடலாமுங்களா?' என்ற கேள்வி நிச்சயம் வரும், எழுத்தில் வராது, வாசலில் வரும். மருந்துக்கும் அதுக்கும் நேரடிப் பகையில்லை. ஆனால் ராத்திரி தலை சுற்றினால் எது செய்தது என்று யாருக்கும் தெரியாது, அன்றைக்கு விட்டுவிடச் சொல்லுங்க.

முகாம் நாளில் நீங்கள் நேரில் பார்க்க வேண்டியது இரண்டு. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் பெட்டியில், வெப்பமானியோடு வர வேண்டும். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி உறைந்துபோன மருந்து தூக்கிப்போட வேண்டியது, உருகிய பிறகும் போடக் கூடாது. இரண்டாவது, ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் டாக்டர் மேஜையில் இருக்கிறதா என்று கேளுங்க. அப்படி வருவது அபூர்வம், வந்தால் பெரும்பாலும் சில நிமிஷங்களில் வரும். அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இதற்குத்தான். ஒரு லைனுக்கு இருபது பேராக அனுப்பி, நாற்காலியும் டீயும் பன்னும் வைத்தால் எழுந்து ஓடமாட்டார்கள்.

நோட்டீஸை ஆபீஸ் வாசலில் மட்டும் ஒட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள், பஞ்சிங் மெஷின் பக்கத்திலும் கேன்டீனிலும் ஒட்டுங்க. ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும் ஒரு பிரதி வேண்டும், அவர்களில் படித்த ஒருவரை வைத்தே எழுதுங்க. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'விருப்பம் இருந்தால் மட்டும். போடாதவர்களுக்கு வேலையிலோ போனஸிலோ எந்த வித்தியாசமும் இருக்காது.' அதை எழுதிய பிறகு, யார் யார் போடவில்லை என்ற பட்டியலை எந்த சூப்பர்வைசர் கேட்டாலும் கொடுக்காதீங்க.