நகைக்கடன் கேள்வி-பதில்: கிராமுக்கு எவ்வளவு தருவார்கள் என்பது கடைசிக் கேள்வி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடகு பற்றித்தான். சிலவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

வங்கியில் 9.50 வட்டி சொல்கிறார்கள், எங்கள் ஊர் அடகுக்கடையில் 1.50 தான். கடையில் வைப்பதுதானே லாபம்? (திருப்பூர்)

கடைக்காரர் சொல்வது மாதத்துக்கு, நூற்றுக்கு. வங்கி சொல்வது வருஷத்துக்கு. 1.50 வட்டி என்றால் வருஷத்துக்கு 18 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வங்கியில் மாதம் சுமார் 800 ரூபாய், கடையில் 1,500. நகையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் "மாசத்துக்கா, வருஷத்துக்கா" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது, தயவுசெய்து கேளுங்கள்.

அடகுச்சீட்டில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்களா, ஒரு மாதம் தாண்டினால் முழு மாதமாகக் கணக்கு வைக்கிறார்களா என்று. 32-ஆம் நாள் திருப்பப் போனால் சில கடைகளில் இரண்டு மாத வட்டி, அதாவது 3,000 கேட்பார்கள். 32 நாளுக்கு 3,000 என்றால் வருஷக் கணக்கில் 34 சதவீதம் பக்கம் போகிறது. வாயில் சொன்னது 18.

ஃபைனான்ஸ் கம்பெனியில் 12 சதவீதம் என்றுதான் ஒரு லட்சம் வாங்கினேன். வருஷம் முடிந்து போனால் 24 ஆயிரத்துக்கு மேல் வட்டி கேட்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா? (திண்டுக்கல்)

இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரம் இதே கடிதம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள். வட்டி ஒரே விகிதமாக இருக்காது, படிப்படியாக ஏறும். மாதா மாதம் தேதி தவறாமல் கட்டினால் 12, இரண்டு மூன்று மாதம் தள்ளினால் 18, அதற்கும் மேல் போனால் 24 என்கிற மாதிரி. பல திட்டங்களில் கூடிய வட்டி தவறிய நாளிலிருந்து அல்ல, கடன் வாங்கிய முதல் நாளிலிருந்தே பொருந்தும். போர்டில் பெரிதாக எழுதியிருப்பது தவறாமல் கட்டுபவருக்குக் கிடைக்கும் சலுகை வட்டி. உண்மையான வட்டி அந்த 24 தான். கிராமுக்கு எந்தத் திட்டத்தில் அதிகம் தருகிறார்களோ, பெரும்பாலும் அதில்தான் வட்டியும் அதிகம். நம் ஆட்கள் கவுன்டரில் கேட்கும் முதல் கேள்வியே "கிராமுக்கு எவ்வளவு" என்பதுதான், அவர்களும் அந்தத் திட்டத்தில்தான் போட்டுக் கொடுப்பார்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் மாற்றி வைப்பது. வருஷக் கடைசியில் கையில் 24,000 இல்லை. தங்கம் விலை ஏறியிருப்பதால் "வட்டியைச் சேர்த்துப் புதுக் கடனாகப் போட்டுக்கலாம், ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்பார்கள். இப்போது கடன் 1,24,000. அதற்கு அடுத்த வருஷ வட்டி கிட்டத்தட்ட 30,000. இரண்டு வருஷம் முடிவில் நகையை மீட்க ஒரு லட்சத்து 54 ஆயிரம் வேண்டும். அதே ஒரு லட்சத்தை வங்கியில் 9.50-க்கு வைத்து வருஷா வருஷம் வட்டி கட்டியிருந்தால் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 19,000. வித்தியாசம் 35,000 ரூபாய். அப்ரைசர் கூலி, பிராசஸிங் கட்டணம், ஏல நோட்டீஸ் செலவு எல்லாம் இதில் சேர்க்கவில்லை. விலை ஏறுகிற தங்கம் உங்களைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். ஏறிய விலையை வட்டி தின்கிறது.

ரிசர்வ் வங்கியின் 2025 நகைக்கடன் விதிகள் 2026 ஏப்ரலிலிருந்து கட்டாயம். ஒரே தடவையாகத் திருப்பும் கடன் 12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்கலாம். கடன் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் அதில் இருக்கிறது. தரலாம் என்பதற்காக அவ்வளவும் வாங்காதீர்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: முடிந்த அளவு வட்டியைக் கட்டி, பாக்கியை எழுத்தில் வாங்கி, ஒரு பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

பத்து பவுன் இருக்கிறது. ஒரே கடனாக வைப்பதா, பிரித்தா?

பிரித்து. வளையல் ஒரு கடன், ஆரம் ஒரு கடன். கையில் பணம் வரும்போது ஒவ்வொன்றாக மீட்கலாம். கல் வைத்த நகையில் கல் எடையைக் கழிப்பார்கள், உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லி, மொத்த எடை, கல் கழிவு, நிகர எடை மூன்றும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் வட்டியில் 10,000 வாங்கினேன். கையில் 8,500. தினம் 100 வீதம் 100 நாள். 1,500 ரூபாய் பெரிய வட்டியா? (காய்கறி வியாபாரி, மதுரை)

ஆமாம், பெரிய வட்டிதான். 8,500 முழுசாக 100 நாளும் உங்களிடம் இருக்கவில்லை. மறுநாளே திருப்ப ஆரம்பித்துவிட்டீர்கள், சராசரியாக உங்கள் கையில் நின்றது சுமார் 4,500. வருஷக் கணக்கில் 120 சதவீதம் வருகிறது. 100 நாள் முடிந்ததும் திரும்ப வாங்குவதுதான் வழக்கம் என்பதால், வருஷத்துக்கு மூன்றரை முறை அந்த 1,500 போய்விடுகிறது. வீட்டில் யாராவது மகளிர் குழுவில் இருந்தால், குழுவின் உள்கடனைக் கேளுங்கள். மாதம் 1 வட்டி, 2 வட்டிக்குள் முடியும்.

நகை இல்லை. அப்பாவுக்கு ஆபரேஷன். மூன்று வட்டிக்கு ஒருவர் தருகிறார், வெற்று செக்கில் கையெழுத்து கேட்கிறார்.

வெற்று செக்கோ, வெற்று பத்திரமோ, எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். தொகையை அவர் நிரப்புவார், செக் திரும்பினால் வழக்கு உங்கள் மேல் வரும்.

முதலில் ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் கேளுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் ஐந்து லட்சம் வரை கிடைக்கும், அந்த ஆஸ்பத்திரியும் அந்தச் சிகிச்சையும் பட்டியலில் இருக்க வேண்டும். அப்புறம் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று தேடுங்கள். ஃபிக்சட் டெபாசிட் இருந்தால் அதன் வட்டிக்கு மேல் ஒன்றிரண்டு சதவீதத்தில் அதன் மேலேயே கடன் தருவார்கள். எல்.ஐ.சி. பாலிசிக்கு சரண்டர் மதிப்பு வந்திருந்தால் அதில் பெரும்பகுதி கடனாகக் கிடைக்கும், வட்டி பத்து சதவீதத்தை ஒட்டி. தபால் நிலைய ஆர்.டி.யில் 12 தவணை கட்டியிருந்தால் சேர்ந்த தொகையில் பாதி வரை, ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதத்தில். பி.எஃப். பிடிக்கும் வேலை என்றால் மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுக்கலாம், அது கடனே இல்லை. மூன்று வட்டி என்பது 36 சதவீதம், இத்தனையும் கேட்டுப் பார்த்த பிறகு வரவேண்டிய இடம் அது.

கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து கத்துகிறார். அசலைப் போல இரண்டு மடங்கு கட்டிவிட்டேன்.

2003-இல் வந்த தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி இதற்குச் சிறை உண்டு. பணத்தை நீதிமன்றத்தில் செலுத்திக் கணக்கை முடிக்கவும் அதில் வழி இருக்கிறது. ஜிபே ரசீது, டைரிக் குறிப்பு, செல்போன் மெசேஜ் எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்துக்கொண்டு எஸ்.பி. அலுவலகத்திலோ, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள். இனிமேல் கையில் ரொக்கமாக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

ஏலத்துக்கு விட்டால் மீதிப் பணம் வருமா?

வரும், கடன், வட்டி, செலவு போக மிச்சம் உங்களுடையது. ஏலக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். ஆனால் அதுவரை போகவிடாதீர்கள். ஆறு மாதமாக வட்டியே கட்ட முடியவில்லை என்றால் ஒன்றிரண்டு உருப்படியை விற்று மற்றதை மீட்பது நல்லது. விற்கும்போது இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, அன்றைய கிராம் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.