சோர்ஸ் மேலே போனால் த்ரெஷோல்டும் மேலே போகும்

கேள்வி: சிடி4007 சிப்பில் உள்ள ஒரு என்-மாஸ்ஃபெட்டை சோர்ஸ் ஃபாலோயராக இணைத்தேன். சப்ளை 10 வோல்ட், சோர்ஸில் 1 மெகா ஓம். சோர்ஸை கிரவுண்டில் வைத்து, சில மைக்ரோஆம்ப் ஓடும்படி அளந்தபோது த்ரெஷோல்டு 1.5 வோல்ட் இருந்தது. அப்படியானால் கேட்டுக்கு 8 வோல்ட் கொடுத்தால் சோர்ஸில் 6.5 வர வேண்டும், ஆனால் 4.9 தான் வருகிறது. விற்றவர், "இது டூப்ளிகேட், கொஞ்சம் கூடுதல் விலையில் ஒரிஜினல் தருகிறேன்" என்கிறார். 2என்7000-ல் இந்தக் குறை இல்லை. புதிதாக வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது நல்ல சிப். புதிதாக வாங்கினால் அதுவும் ஏறக்குறைய இதே 4.9-ஐத்தான் காட்டும்; அப்போது அதே ஆள் இன்னும் விலை கூடிய ஒன்றை எடுத்து நீட்டுவார். நானும் ஒரு காலத்தில் இப்படி மூன்று முறை சிப் மாற்றியவன்தான். மூன்றும் ஒரே அளவைக் காட்டிய பிறகுதான் டேட்டாஷீட்டில் உள்படத்தைப் பார்க்கத் தோன்றியது.

அந்தப் படத்தில் ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் நான்காவது முனை ஒன்று இருக்கும். மாஸ்ஃபெட்டுக்கு கேட், சோர்ஸ், டிரெய்ன் தவிர பாடி என்று ஒரு முனை உண்டு; அதாவது டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும் சிலிக்கான். உங்கள் சிப்பில் மூன்று என்-மாஸ்ஃபெட்டுகளின் பாடியும் சேர்ந்து 7-ம் காலுக்கு வருகின்றன. நீங்கள் 7-ஐ கிரவுண்டில் இணைத்திருப்பீர்கள், அது வழக்கம்தான். ஆனால் ஃபாலோயரில் சோர்ஸ் கிரவுண்டில் நிற்காமல் 5 வோல்ட் அருகே ஏறிவிடுகிறது. அப்போது சோர்ஸுக்கும் பாடிக்கும் இடையே 5 வோல்ட் வித்தியாசம். நீங்கள் 1.5 என்று அளந்தது அந்த வித்தியாசம் பூஜ்யமாக இருந்தபோது. அந்த எண்ணை இங்கே கொண்டுவந்ததுதான் பிசகு.

உள்ளே நடப்பது இதுதான். கேட்டுக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜின் முதல் வேலை, அதன் அடியிலுள்ள சிலிக்கானில் இருந்து ஹோல்களை விரட்டுவது. அவை போன இடத்தில் நகர முடியாத நெகட்டிவ் அயனிகள் மிஞ்சும். அவற்றை ஈடுகட்டிய பிறகுதான் எலெக்ட்ரான்கள் கூடி, கரன்ட் ஓடும் பாதை உருவாகும். சோர்ஸைவிட பாடி தாழ்ந்து இருந்தால் அயனிகள் மிஞ்சும் அந்தப் பட்டை இன்னும் ஆழமாக இறங்கும். ஈடுகட்ட வேண்டிய அயனிகளும் கூடும். ஆகவே கேட் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல்தான் த்ரெஷோல்டு ஏற்றம். இதற்குப் பெயர் பாடி எஃபெக்ட்.

```
Vt = Vt0 + γ(√(2φF + Vsb) − √(2φF))
```

சூத்திரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். `Vt0` என்பது நீங்கள் அளந்த 1.5. `Vsb` என்பது சோர்ஸுக்கும் பாடிக்கும் இடையேயான வோல்ட்டேஜ். `2φF` பொதுவாக 0.6, 0.7 வோல்ட் அருகில் இருக்கும். கணக்கு எளிதாக வர 0.64 என்று வைக்கலாம், அதன் வர்க்கமூலம் 0.8. மிஞ்சுவது `γ`. சிப்பை எப்படித் தயாரித்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. டேட்டாஷீட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. டிஜிட்டல் சிப் என்று பெயர் வைத்துவிட்டால் இதெல்லாம் யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

`γ` = 1 என்று வைத்துப் பாருங்கள். சோர்ஸ் 4.94 வோல்ட்டில் இருந்தால் 5.58-ன் வர்க்கமூலம் 2.36. அதில் 0.8 கழித்தால் 1.56. த்ரெஷோல்டு 1.5-லிருந்து 3.06 ஆகிறது. 8-லிருந்து 3.06 போக 4.94. நீங்கள் அளந்தது 4.9. டூப்ளிகேட் சிப் இவ்வளவு ஒழுங்காகச் சூத்திரத்துக்கு அடங்கி நடக்குமா?

ஒரே புள்ளி பொருந்துவதை நம்ப வேண்டாம் என்றால், கேட்டை 3 வோல்ட்டுக்கு இறக்குங்கள். சோர்ஸில் 1.5 வராது, 1 வோல்ட் சுமார் வரும். அதாவது அங்கே இழப்பு அரை வோல்ட்தான். பிறகு 9-க்கு ஏற்றினால் 5.8 அருகே வரும். கேட்டை ஒரு வோல்ட் ஏற்றினாலும் சோர்ஸ் 0.83 தான் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். இழப்பு மாறிக்கொண்டே இருப்பதும், வர்க்கமூலமாக மெல்ல மெல்லக் கூடுவதும்தான் பாடி எஃபெக்டின் அடையாளம்.

இதையும் தாண்டிச் சந்தேகம் இருந்தால் முடிவான சோதனை ஒன்று உண்டு. சப்ளையை அணைத்துவிட்டு, 7-ம் காலை கிரவுண்டிலிருந்து எடுத்து, உங்கள் டிரான்சிஸ்டரின் சோர்ஸில் (கேட் 3, டிரெய்ன் 5 என்றால் சோர்ஸ் 4) இணையுங்கள். பயன்படுத்தாத கேட்டுகளான 6, 10 இரண்டும் கிரவுண்டில் இருந்தால் அவற்றையும் 7-க்கே மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் 7 மேலே ஏறும்போது கேட்டுகளின் பாதுகாப்பு டையோடுகள் திறந்து, அளவு முழுக்கக் கெட்டுவிடும். 14-ம் கால் 10 வோல்ட்டிலேயே இருக்கட்டும். இப்போது ஆன் செய்தால் சோர்ஸ் 6.5 அருகே வந்து நிற்கும். எந்த நிலையிலும் சோர்ஸ் 7-ம் காலைவிடத் தாழ்ந்து போகக் கூடாது; அரை வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்தால் உள்ளே இருக்கும் சந்தி திறந்துகொள்ளும், சிப்பும் போகலாம்.

சரி, அப்படியானால் எப்போதும் 7-ஐ சோர்ஸிலேயே இணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். மூன்றுக்கும் பாடி ஒன்றுதான். மற்ற இரண்டின் சோர்ஸ் கிரவுண்டில் இருந்தால் அது நடக்காது.

இனி உங்கள் 2என்7000. இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். மூன்று கால் மாஸ்ஃபெட்டுகளில் பாடியைத் தனியாக வெளியே விடுவதில்லை. தொழிற்சாலையிலேயே சோர்ஸோடு உள்ளே சேர்த்துவிடுகிறார்கள். சோர்ஸ் எங்கே போனாலும் பாடியும் கூடவே போகும். வித்தியாசம் என்றுமே பூஜ்யம், எனவே த்ரெஷோல்டு நகராது. 2என்7000 உயர்ந்த ரகம் என்பதால் அல்ல. அந்த இணைப்புக்கு விலையும் உண்டு: பாடிக்கும் டிரெய்னுக்கும் இடையே ஒரு டையோடு நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது. டிரெய்ன் சோர்ஸைவிடத் தாழ்ந்தால் கேட் மூடியிருந்தாலும் கரன்ட் பாயும். மூன்று கால் படத்தை மட்டும் போட்டுப் பாடம் நடத்துவதால், நான்காவது முனை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. பிறகு சிப்பைச் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்?

கடைசியாக ஒன்று. சிமுலேஷனில் 6.5 வந்தது என்று யாராவது படம் காட்டினால், இந்த இரண்டு வரிகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

```
M1 1 2 3 0 NM
.model NM NMOS (VTO=1.5 GAMMA=1 PHI=0.64 KP=500u)
```

முதல் வரியில் நான்காவது எண்தான் பாடி. இங்கே அது `0`, அதாவது கிரவுண்டு. அதே இடத்தில் `3` என்று சோர்ஸையே போட்டிருந்தால் விளைவு மறைந்துவிடும். இரண்டாவது வரியில் `GAMMA` இல்லாவிட்டாலும் அதே கதைதான்: எளிய மாடலில், டோப்பிங் அளவும் தராவிட்டால், அதைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டும் சரியாக இருந்தால் 4.8 சுமார் வரும். 5 மைக்ரோஆம்பை ஓட்ட கேட் தர வேண்டிய சிறு கூடுதலையும் அது சேர்த்துக்கொள்கிறது. அப்புறம், மின்தடையை `1M` என்று எழுதாதீர்கள், ஸ்பைஸில் அது மில்லி ஓம். `1MEG` என்று எழுதுங்கள்.