1543இல் எல்லாம் மாறிவிட்டதா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

1543இல் கோப்பர்நிக்கஸின் நூலும் வெசாலியஸின் உடற்கூறு நூலும் வெளிவந்தன, அத்துடன் நூல்களை நம்பிய காலம் முடிந்து கண்ணால் காணும் காலம் தொடங்கியது என்று கல்லூரியில் படித்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியதை ஒரு தலைமுறை இப்படி உதறிவிட முடியுமா? உண்மையில் மாறியது என்ன?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியாது. அப்படி யாரும் உதறவும் இல்லை. கோப்பர்நிக்கஸை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, வெசாலியஸின் வழியே போகலாம்.

மருத்துவத்தில் அன்று இறுதிச் சொல் கேலனுடையது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர். அவர் அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் குரங்குகளையும் பன்றிகளையும்தான். இதயத்தின் வலப்புறக் குருதியில் ஒரு பகுதி, நடுச்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக இடப்புறம் கசிகிறது என்று அவர் எழுதினார். மறுமலர்ச்சிக்கால அறிஞர்கள் அவரை ஒதுக்கவில்லை. மாறாக, 1525இல் வெனிஸில் அவருடைய நூல்களைக் கிரேக்க மூலத்திலேயே அச்சிட்டார்கள். உடலை எப்படி அறுக்க வேண்டும் என்று கேலன் விளக்கிய நூல் 1531இல் லத்தீனில் வந்தது. பிறர் எழுதியதை நம்பாதே, நீயே அறுத்துப் பார் என்பது கேலனின் போதனை. அந்தப் போதனையை உண்மையாகவே பின்பற்றியவர்களுக்குத்தான் அவருடைய பிழைகள் தெரிந்தன. கேலனைச் சோதிக்கும் கருவியைக் கேலனே கொடுத்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வெசாலியஸ் அப்படிச் சோதித்தவர். இத்தாலியின் பதுவாவில் மனித உடலைத் தம் கையாலேயே அறுத்தார், கேலனின் பல விவரிப்புகளைத் திருத்தினார். ஆனால் இதயத்தின் நடுச்சுவரில் துளை எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை. 1543 நூலில் என்ன எழுதினார் தெரியுமா? கண்ணுக்குப் புலப்படாத வழிகளில் குருதியைக் கசியவைக்கும் படைத்தவனின் திறனை வியக்கிறேன் என்று எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1555ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில்தான், அந்தச் சுவரை மிகச் சிறிதளவு குருதியும் எப்படிக் கடக்கும் என்று விளங்கவில்லை என்றார். சிறிது காலம் முன்புவரை கேலனை விட்டு நகக்கண் அளவும் விலகத் துணிந்திருக்க மாட்டேன் என்றும் அங்கே சொல்கிறார். இதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் துளைகளைக் கைவிட்டால் கேலனின் உடலியல் முழுவதும் ஆட்டம் காணும். அதன் இடத்தில் வைக்க அவரிடம் வேறெதுவும் இல்லை.

1559இல் வெளிவந்த நூலில் இத்தாலிய உடற்கூறு அறிஞர் கொலம்போ, குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் வருகிறது என்றார். கெய்ரோவில் மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே சொன்னதும் அதுதான். 1603இல் பதுவாவின் பேராசிரியர் ஃபப்ரீசியஸ், சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளை விரிவாக விவரித்து நூல் வெளியிட்டார். ஆனால் குருதி கல்லீரலிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்ற பழைய சட்டகத்துக்குள்ளேயே அவற்றை வைத்துப் பார்த்தார். அதனால், கால்களில் குருதி மிகுதியாகத் தேங்கிவிடாமல் அவை வேகத்தைக் குறைக்கின்றன என்று விளக்கினார். கண் சரியாகவே கண்டது. கண்டதற்குப் பொருள் சொன்னது பழைய நூல்.

பதுவாவில் ஃபப்ரீசியஸிடம் படித்த ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி. 1628இல் அவர் முன்வைத்த கணக்கு எளியது. ஒரு துடிப்புக்கு இதயம் அரை அவுன்ஸ் குருதியை வெளியேற்றுவதாகக் கொள்வோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு. மொத்தம் 500 அவுன்ஸ், ஏறத்தாழ 15 கிலோ. உடலில் இருப்பதோ ஐந்து லிட்டர் அளவுதான். உண்ணும் உணவிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை இவ்வளவு குருதி உருவாக வழியில்லை. ஆகவே அதே குருதிதான் திரும்பி வருகிறது. இரண்டு எண்களையும் அவர் வேண்டுமென்றே குறைத்து வைத்தார். இதயம் உண்மையில் ஒரு துடிப்புக்கு வெளியேற்றுவது எழுபது மில்லிலிட்டர் அளவு. எவ்வளவு குறைத்தாலும் முடிவு மாறாது என்பதே அந்த வாதத்தின் வலிமை. உங்கள் கேள்விக்கு என் விடையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சர்ச்சையைத் தீர்க்க எங்கே போவது என்பதுதான் மாறியது. முதலில் நல்ல மூலப்பிரதி, பிறகு அறுத்த உடல், பிறகு அளவு. ஒன்று வந்ததும் மற்றது மறையவில்லை. இதே ஹார்வி வாழ்நாள் முழுவதும் அரிஸ்டாட்டிலைப் போற்றியவர். நீர் ஆவியாகி மழையாகத் திரும்பும் சுழற்சி பற்றி அரிஸ்டாட்டில் சொன்னதைக் காட்டித்தான் குருதியின் இயக்கத்தையும் வட்டம் என்றார்.

தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எப்படிக் கடக்கிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அவர் 1657இல் இறந்தார். 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களான தந்துகிகளை விவரித்தார். நோயாளியின் கையைக் கீறிக் குருதியை வடிக்கும் சிகிச்சை பழைய கோட்பாட்டில் பிறந்தது. ஹார்வியும் அதைக் கைவிடவில்லை. ஐரோப்பிய மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.