பாசிட்டிவ் வந்தால் டெங்கு என்று எவ்வளவு நம்பலாம்?

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் டெங்கு ரேப்பிட் கிட்டைப் பற்றியவை. இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம், ரப்பர் தோட்டத்துச் சிரட்டையில் எல்லாம் தண்ணீர் தேங்குகிற ஊர். கேள்விகள் அப்படித்தான் வரும். அதனால் இந்த முறை எல்லாப் பதில்களுக்கும் ஒரே கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

கிட்டின் ஸ்பெசிஃபிசிட்டி 95 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் என்எஸ்1 பாசிட்டிவ் வந்தவருக்கு டெங்கு இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று சொல்லலாமா?
— மாணவி, தக்கலை

சொல்லக் கூடாது. அந்த 95, டெங்கு இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேருக்கு நெகட்டிவ் காட்டியது என்பதைச் சொல்கிறது. நீங்கள் கேட்பது பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் எடுத்தால் அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் டெங்கு என்பது. அதுதான் பிபிவி. வகுத்தலில் கீழே வருகிற கூட்டமே வேறு.

போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு கிட்டின் சென்சிட்டிவிட்டி 70, ஸ்பெசிஃபிசிட்டி 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் ஓபிக்கு 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 200 பேருக்கு டெங்கு. கிட் அந்த 200 பேரில் 140 பேரைப் பிடிக்கும், 60 பேரை விட்டுவிடும். டெங்கு இல்லாத 800 பேரில் 40 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும், 760 பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும். மொத்த பாசிட்டிவ் 180. அதில் உண்மையான டெங்கு 140, அதாவது 78 சதவீதம்.

இனி அதே கிட்டை மார்ச் மாத வெயிலில் குளச்சல் பக்கம் ஒரு கடலோரக் கிராம முகாமுக்குக் கொண்டுபோகிறீர்கள். உடம்பு வலி என்று வந்தவர்களுக்கெல்லாம் போடுகிறீர்கள். 1,000 பேரில் 20 பேருக்குத்தான் டெங்கு என்றால் கிட் அதில் 14 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 49 பேருக்குத் தவறான பாசிட்டிவ் வரும். ஆக 63 பாசிட்டிவில் 14 பேருக்குத்தான் நோய். பிபிவி 22 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

கிட்டில் எந்த மாற்றமும் இல்லை. நோயில்லாதவர் கூட்டம் பெரிதானதால் அதிலிருந்து வரும் சிறிய சதவீதப் பிழைகூட உண்மையான நோயாளிகளின் எண்ணிக்கையை முந்திவிட்டது. இங்கே பார்க்க வேண்டியது மாவட்டத்தின் சராசரி டெங்கு விகிதம் இல்லை. உங்கள் மேசைக்கு வந்து டெஸ்ட் எடுத்துக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் என்பதுதான்.

முகாமில் என்பிவி 99 சதவீதத்துக்கு மேல் வந்தது. நெகட்டிவை முழுதாக நம்பலாம்தானே?
— மாணவர், நாகர்கோவில்

மேலே சொன்ன முகாமையே எடுங்கள். நெகட்டிவ் வந்த 937 பேரில் 931 பேருக்கு உண்மையில் நோய் இல்லை, அதாவது 99.4 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெஸ்டே எடுக்காமல் எல்லாரையும் பார்த்து “உங்களுக்கு டெங்கு இல்லை” என்று சொல்லியிருந்தாலும் 98 சதவீதம் சரியாக இருந்திருக்கும். இந்த 20 நோயாளிகளில் 6 பேரைக் கோட்டைவிட்ட கிட் அது. என்பிவியை மட்டும் அறிக்கையில் போட்டு ஒரு டெஸ்டைப் புகழ்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

பாசிட்டிவ் சந்தேகமாக இருந்தால் அதே கிட்டை இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமா?
— மாணவர், மார்த்தாண்டம்

கை தவறு, கெட்டுப்போன கிட் என்றால் உதவும். அந்த ரத்தத்திலேயே இருக்கும் வேறு ஏதோ ஒரு பொருள் கிட்டில் கோட்டை வரவழைத்திருந்தால் இரண்டாம் முறையும் அதே கோடுதான் வரும். வேறு முறையில் வேலை செய்யும் டெஸ்ட்தான் வேண்டும். தேசிய வழிகாட்டுதலில் ரேப்பிட் கிட் பாசிட்டிவை உறுதியான டெங்குவாக எடுக்காமல் எலைசா கேட்பது இதனால்தான்.

சென்சிட்டிவிட்டி கிட்டின் சொந்த குணம், இடத்துக்கு இடம் மாறாது என்று படித்தோம். எங்கள் தரவில் கிட்டோடு வந்த தாளில் இருப்பதைவிடக் குறைவாக வருகிறதே?
— மாணவி, குலசேகரம்

மாறாது என்பது பாடத்துக்காகச் சொல்கிற எளிமை. என்எஸ்1 என்பது வைரஸின் புரதம். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்து ரத்தத்தில் இருக்கும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு உடம்பில் உள்ள எதிர்ப்பொருள் அதைச் சீக்கிரமே மூடிவிடுவதால் கிட் இன்னும் எளிதாகத் தவறவிடும். தோட்ட வேலைக்குப் போகிறவர் இரண்டு நாள் கஷாயம், இரண்டு நாள் மாத்திரை என்று பார்த்துவிட்டு ஆறாம் நாள்தான் வருகிறார் என்றால், நீங்கள் அளப்பது ஆறாம் நாளின் சென்சிட்டிவிட்டி. அவருக்கு ஐஜிஎம் எலைசாதான் பொருத்தம். காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்து, நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

ஸ்பெசிஃபிசிட்டியும் இப்படித்தான். அந்த எண்ணை ஆரோக்கியமான ரத்த தானக்காரர்களை வைத்துக் கண்டுபிடித்திருந்தால் அது உயர்வாகவே தெரியும். உங்கள் ஓபியில் டெங்கு இல்லாதவர் என்றால் எலிக்காய்ச்சலோ ஸ்க்ரப் டைபஸோ வந்தவராக இருப்பார். அவர்களிடம் கிட் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

எங்கள் புராஜெக்டில் கிட் பாசிட்டிவ் எல்லாவற்றையும் எலைசாவுக்கு அனுப்பினோம். செலவு கருதி நெகட்டிவில் கொஞ்சம்தான் அனுப்பினோம். சென்சிட்டிவிட்டி 96 வந்தது. கைடு ஏற்க மறுக்கிறார்.
— மாணவர், கருங்கல்

கைடு சொல்வது சரி. முதல் ஓபியின் கணக்கிலேயே காட்டுகிறேன். 180 பாசிட்டிவும் எலைசாவுக்குப் போயின. 140 டெங்கு, 40 இல்லை. 820 நெகட்டிவில் பத்தில் ஒன்று, அதாவது 82 மட்டும் போயின. அதில் 6 டெங்கு, 76 இல்லை. எலைசா செய்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சென்சிட்டிவிட்டி 146-க்கு 140, அதாவது 96 சதவீதம். ஸ்பெசிஃபிசிட்டி 116-க்கு 76, அதாவது 66 சதவீதம். உண்மையில் இருந்ததோ 70-உம் 95-உம். கிட் தவறவிட்டவர்களில் பெரும்பாலோர் எலைசாவுக்கே போகாததால் சென்சிட்டிவிட்டி வீங்கிவிட்டது. ஒன்று வீங்கி மற்றது சுருங்கியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த 82 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால் சரிசெய்துவிடலாம். ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குச் சமம். 6-ஐ 60 ஆக்குங்கள், 76-ஐ 760 ஆக்குங்கள். பழைய 70-உம் 95-உம் திரும்பி வந்துவிடும். பிபிவியையும் என்பிவியையும் தொடவே தேவையில்லை, ஏனென்றால் அவை பாசிட்டிவ் கூட்டத்துக்குள்ளும் நெகட்டிவ் கூட்டத்துக்குள்ளும் தனித்தனியே போடுகிற கணக்கு. குலுக்கல் இல்லாமல், டாக்டருக்குச் சந்தேகம் வந்த நெகட்டிவ் நோயாளிகளை மட்டும் அனுப்பியிருந்தால் பத்தால் பெருக்குவதில் பொருள் இல்லை. அப்போது சென்சிட்டிவிட்டியை விட்டுவிட்டு பிபிவியை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. எல்லாம் அந்த 6 பேரின் மேல் நிற்கிறது. குலுக்கலில் 3 பேர் விழுந்திருந்தால் சென்சிட்டிவிட்டி 82 சதவீதம், 10 பேர் விழுந்திருந்தால் 58. அதனால் நம்பிக்கை இடைவெளியைக் கட்டாயம் போடுங்கள். பத்தால் பெருக்கிய எண்ணை வைத்து அதைக் கணக்கிட்டால் பொய்யாகக் குறுகிவிடும். மிச்ச ரத்த மாதிரிகளை ஃப்ரீசரில் வைத்திருக்கிறீர்கள் என்றால், கைடிடம் பேசி குலுக்கலில் இன்னும் ஒரு 150 நெகட்டிவையாவது எலைசாவுக்கு அனுப்பப் பாருங்கள்.