கரு கலைந்த வீட்டில் கணவர் ஏன் பேசாமல் இருக்கிறார்?

"ஆடிக் கடைசியில், பத்தாவது வாரத்தில் எனக்குக் கரு கலைந்துவிட்டது. இரண்டு மாதம் ஆகிறது, நான் இன்னும் ராத்திரியில் அழுகிறேன். என் கணவரோ மூன்றாம் நாளே வயலுக்குப் போய்விட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது சாப்பாடு, மின்கட்டணம் தவிர எங்களுக்குள் பேச்சே கிடையாது. அவருக்கு வருத்தமே இல்லையா, இல்லை என்மேல் கோபமா?" (ஆசிரியை, அம்பாசமுத்திரம் பக்கம்)

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. அவர் வாய் திறக்காததை நீங்கள் உங்கள்மேல் சுமத்தப்பட்ட பழியாகக் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். எனவே முதலில் பழியை முடித்துவிடுவோம். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் நின்றுபோகிறது. நீங்கள் பஸ்ஸில் பள்ளிக்குப் போனதாலோ, குடம் தூக்கியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ அந்தப் பிழை வருவதில்லை.

இதை உங்களிடம் மட்டும் சொன்னால் போதாது, அவருக்கும் சொல்ல வேண்டும். நம் மருத்துவமனைகளில் அதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. கணவனை வராந்தாவில் நிறுத்திவிடுகிறார்கள். போகும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கிறார்கள், அதில் 'அபார்ஷன்' என்று எழுதியிருக்கும். தானாகக் கலைந்தாலும் மருத்துவ ஏட்டில் அந்தச் சொல்லைத்தான் எழுதுவார்கள். இதை எவரும் விளக்குவதில்லை. அந்தச் சீட்டைப் படித்த மாமனார், மருமகளே கலைத்துவிட்டாள் என்று மூன்று மாதம் நம்பியிருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். உங்கள் சீட்டில் அந்தச் சொல் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கணவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். "இது ஏன் நடந்தது என்று எங்கள் இருவருக்கும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வெளியே நிற்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இனி அவருடைய மௌனம். துக்கத்தை ஆராய்ந்த டோக்கா, மார்ட்டின் என்ற இருவர், துக்கப்படுவதில் இரண்டு போக்குகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு சாரார் அழுது, பேசி, நினைத்து நினைத்துத் துக்கத்தைக் கழிப்பார்கள். மற்றவர்களின் துக்கம் கையில் இறங்கிவிடும், எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். முன்னது பெண்ணுக்கு, பின்னது ஆணுக்கு என்ற விதி எதுவும் இல்லை. ஆனால் நம் ஊரில் ஆண் அழுதால் "நீயே இப்படி இருந்தால் அவளுக்கு யார்?" என்று கேட்டே அவனை இரண்டாவது வகையில் தள்ளிவிடுகிறோம்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணவர் லோடு வேன் ஓட்டுகிறவர். கரு கலைந்த அடுத்த வாரம் குளியலறைத் தரையை உடைத்துப் புது டைல்ஸ் போட்டார். "பிள்ளை போய்விட்டது, இந்த மனிதருக்கு வீட்டை அழகுபடுத்தத் தோன்றுகிறது" என்று அந்தப் பெண் நான்கு மாதம் அவரோடு பேசவில்லை. என் முன்னால் உட்கார்ந்துதான் அவர் சொன்னார்: "அந்த ரத்தத்தைக் கழுவியது நான். கால் வைக்கிறபோதெல்லாம் அதுதான் தெரிந்தது. அவள் மறுபடி அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்." அந்த அம்மாள் அன்றைக்குத்தான் கணவர் அழுததைப் பார்த்தார்.

அதனால் உங்கள் கணவரிடம் "உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "இருக்கிறது" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பதில் வராது. "அன்றைக்கு என்னை உள்ளே கொண்டுபோன பிறகு நீங்கள் எங்கே நின்றீர்கள்? யாருக்கெல்லாம் போன் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்ல அவருக்கு வரும், அதற்குள்ளிருந்து மற்றது தானே வெளிப்படும். எதிரெதிரே உட்கார்ந்து கேட்க வேண்டாம். பிசான நெல் சாகுபடிக்கு வயல் தயாராகும் நேரம், சாயங்காலம் அவரோடு கால்வாய்க் கரையில் நடந்துபோங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், பதினைந்து நிமிடம் போதும். பாதி நேரம் ஒருவர் பேச வேண்டும். மற்றவர் திருத்தாமல், ஆறுதல் சொல்லாமல், கேட்டுக்கொண்டு மட்டும் வர வேண்டும். பதினைந்து நிமிடம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். பேச்சு எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் பேசாதவர் அடுத்த முறையும் வருவார். முதல் இரண்டு முறை அவர் தண்ணீர் மடையைப் பற்றியே பேசினாலும் விட்டுவிடுங்கள்.

இந்த வழி ஓரிடத்தில் உதவாது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். துக்கம் வேறு, அதிர்ச்சி வேறு. துக்கத்தில் இருப்பவர் நினைத்து அழுவார். அதிர்ச்சியில் இருப்பவருக்கு அந்த நாள் திரும்பவும் நடக்கும். ரத்தத்தின் வாடை வருவதாகத் தோன்றும், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவார், ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற மாட்டார், அந்தக் குளியலறைக்குள் நுழைய மாட்டார். வேன்காரர் தரையை உடைத்ததில் துக்கம் எவ்வளவு, அதிர்ச்சி எவ்வளவு என்று கண்டுபிடிக்க எனக்கே மூன்று அமர்வுகள் ஆயின. புது டைல்ஸ் போட்ட பிறகும் அவர் பக்கத்து வீட்டில்தான் குளித்தார் என்பதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்களில் எவருக்காவது இது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் "அன்றைக்கு என்ன நடந்தது" என்று கிளறாதீர்கள். பேசப் பேசப் புண் பெரிதாகலாம். மனநல மருத்துவரிடம் போங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம்.

கணவனும் மனைவியும் பேசாத வீட்டைத் தேடி மூன்றாம் மனிதர்கள் வருவார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இவர்களிடம்தான். ஒருவர் ஜாதகத்தில் தோஷம் என்று பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார். இன்னொருவர் ஜங்ஷனில் தெரிந்த கருத்தரிப்பு சென்டர் இருக்கிறது என்று அழைத்துப்போய், உங்கள் தலைக்குக் கமிஷன் வாங்குவார். ஒரே ஒரு முறை கரு கலைந்ததற்கு 'டார்ச்' என்ற ரத்தப் பரிசோதனைத் தொகுப்பை எழுதித் தருவார்கள். அதில் பழைய கிருமித் தொற்றின் தடம் ஒன்று தென்பட்டால், அதையே காரணமாகக் காட்டிப் பயமுறுத்துவார்கள். ஒரு முறை கலைந்ததற்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. கணவருக்குத் தெரியாமல் மதினியோ அத்தையோ இப்படி எங்காவது அழைத்தால் போகாதீர்கள். ரகசியமாகக் கட்டிய பணம்தான் பல வீடுகளில் அடுத்த சண்டையைத் தொடங்கி வைத்திருக்கிறது.

வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கரு கலைந்தால் ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு தரச் சொல்கிறது மகப்பேறு குறித்த சட்டம். அதே சட்டத்தில் கணவனுக்கு ஒரு நாள்கூட இல்லை. மூன்றாம் நாள் வயலில் நின்றவரை மனதில் திட்டுமுன் இதையும் நினைத்துப் பாருங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்திருந்தால், கலைந்ததைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரச் சொல்லி உங்களுக்குப் போன் வரும். அந்த வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள், அவர் செய்வார்.

பிரசவத்துக்குக் குறித்திருந்த நாள் உங்களுக்குப் பங்குனித் தொடக்கத்தை ஒட்டி வரும். உங்களுக்கு அது மனப்பாடமாக இருக்கும், அவருக்குத் தேதியே தெரியாமல் இருக்கலாம். அன்றைக்கு அவர் வழக்கம்போல் வயலுக்குக் கிளம்பினால் உங்களால் தாங்க முடியாது. அதனால் தை மாதத்திலேயே தேதியைச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு என்ன செய்வது என்று அவரே தீர்மானிக்கட்டும். ஆற்றுக்குப் போகலாம், ஒரு கன்று நடலாம், வீட்டிலேயே இருக்கலாம். நீங்கள் பள்ளிக்கு அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.