ஆப்பும் கட்டையும் சேர்ந்து நகரும் கணக்கு

வழவழப்பான தரையில் இருக்கும் வழவழப்பான ஆப்பின் மேல் கட்டை சறுக்கும்போது ஆப்பும் நகர்கிறதே, இரண்டின் வேகத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டை ஆப்பின் பரப்பை விட்டு எழும்பாது, அதற்குள் புதையவும் செய்யாது. இதுதான் இங்கே கட்டுப்பாடு. அதனால் ஆப்பிலிருந்து பார்த்தால் கட்டை சரிவின் வழியே மட்டும் நகரும். அந்த வேகம் u, ஆப்பு பின்னால் போகும் வேகம் V, சரிவின் கோணம் θ என்றால், தரையிலிருந்து பார்க்கும்போது கட்டையின் கிடைத்திசை வேகம் u cosθ − V.

தரையில் உராய்வு இல்லாததால் வெளியிலிருந்து கிடைத்திசை விசை எதுவும் இல்லை. அந்தத் திசையில் மொத்த உந்தம் பூஜ்ஜியமாகவே இருக்கும். படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போவதும் இப்படித்தான். செங்குத்துத் திசையில் ஈர்ப்பு இருப்பதால், அங்கே உந்தம் மாறும்.

கட்டை 1 கிலோ, ஆப்பு 3 கிலோ, சரிவு 60°, உயரம் 0.75 மீ, g = 10 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஓய்விலிருந்து தொடங்குகின்றன.

உந்தம்: 1(0.5u − V) = 3V, அதாவது V = u/8.

ஆற்றல்: 7.5 = ½[(u cosθ − V)² + (u sinθ)²] + ½·3V²

இதில் V-ஐப் பொருத்தினால், கட்டை அடியைத் தொடும்போது u = 4 மீ/வி, V = 0.5 மீ/வி.

ஆப்பின் சரிவுப் பரப்பு தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை கட்டையின் மேல் வேலை செய்யாது என்று பலர் நினைத்து mgh = ½mv² போடுகிறார்கள்; ஆப்பு நகர்வதால் அந்த விசை கட்டையிடமிருந்து 0.375 ஜூல் எடுத்து ஆப்புக்குக் கொடுக்கிறது, கட்டையிடம் 7.125 ஜூல்தான் மிஞ்சும்.