தொழில் தேர்வு பற்றி இரு மாணவர்களின் உரையாடல்

கேள்வி: தமிழ் வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி வந்திருக்கிறது. “எதிர்காலத் தொழில் பற்றி இரு மாணவர்கள் உரையாடல்” எப்படி எழுதுவது?

உரையாடல் என்றால் இருவர் மாறி மாறிப் பேசுவது. நடவு வயலில் ஒருவர் வீசும் நாற்றுமுடியை மற்றவர் பிடிப்பதுபோல, முன்னவர் சொன்னதைப் பிடித்தே அடுத்தவர் பேச வேண்டும். இல்லையென்றால் அது இரண்டு குட்டிக் கட்டுரைகளாகிவிடும்.

குமரன்: நான் வேளாண்மை படிக்கப் போகிறேன்.
செல்வம்: மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் குறுவையே போய்விடுகிறதே, அந்தப் படிப்பு எதற்கு?
குமரன்: அதனால்தான்! குறைந்த நாளில் விளையும் நெல் ரகங்களை ஆடுதுறையில் உருவாக்குகிறார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் போக ஆசை. நீ?
செல்வம்: எனக்கு உயிரியல் வராது. சிவில் டிப்ளமோ படித்து, உன் வயலுக்குத் தண்ணீர் விடும் மதகைக் கட்டுகிறேன்.

செல்வத்தின் ‘எதற்கு?’தான் இதில் உயிர். மறுப்பு வந்ததும் காரணம் தானாக வருகிறது.

உரையாடல்தானே என்று பலர் கொச்சைப் பேச்சில் எழுதுகிறார்கள்; மொழித்தாளுக்கு எளிய எழுத்துத் தமிழே சரி.